மார்ச் 31 மாலை: கொடுபட வேண்டிய கூலியும் மின்கட்டணமும்

திருப்பூரில் ஒரு பனியன் தையல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். தனி உரிமையாளர், இருபதுக்கும் குறைவான ஆட்கள், சனிக்கிழமை மாலை வாரக் கூலி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில். 2025-26 கணக்காண்டை முடிக்க வேண்டும். இருப்பாய்வு இரு பக்கமும் சரியாக ஒத்துப்போகிறது. கணக்காளர் கூலிக்கு எதிரே இன்னொரு தொகையைச் சேர்க்க வேண்டும் என்கிறார். "பணம் இன்னும் கையை விட்டே போகலைங்களே, அப்புறம் எப்படிங்க அது செலவு?" என்று கேட்கிறார் உரிமையாளர்.

நியாயமான கேள்விதான். பதில் அவர் பட்டறையிலேயே இருக்கிறது. 2026 மார்ச் 31 ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசியாகக் கூலி கொடுத்தது 28-ஆம் தேதி சனிக்கிழமை. திங்களும் செவ்வாயும் ஆட்கள் வந்தார்கள், தைத்தார்கள், மெஷின் ஓடியது. அந்த இரண்டு நாள் உழைப்பில் உருவான சரக்கு மார்ச் மாதத்துடையது. அதற்கான கூலி மட்டும் ஏப்ரல் 4 சனிக்கிழமை கைமாறுகிறது. உழைப்பு எந்த ஆண்டில் நடந்ததோ, செலவும் அந்த ஆண்டுக்கே உரியது. பணம் எப்போது கொடுத்தோம் என்பது ரொக்க ஏட்டின் கவலை. இந்த இடைவெளியை நிரப்ப ஆண்டுக் கடைசி நாளில் போடுவதே சரிக்கட்டுப் பதிவு.

(ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதும் தனி உரிமையாளர்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. வருமான வரிச் சட்டம், 1961-இன் 145-ஆம் பிரிவு அதை அனுமதித்தது, ஆனால் ஆண்டுதோறும் அதே முறையைத் தொடர வேண்டும். கம்பெனிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

கூலி: வகுக்காதீர்கள், எண்ணுங்கள்

பலர் செய்வது இது. ஏப்ரல் 4 அன்று கொடுத்த கூலியை எடுத்து, ஆறால் வகுத்து, இரண்டால் பெருக்கிப் போட்டுவிடுவார்கள். நம் யூனிட்டில் அந்த வாரக் கூலி ரூ.68,950. ஆறில் இரண்டு பங்கு என்றால் ரூ.22,983. கணக்கு சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் தவறு.

முதல் காரணம், அந்த வாரத்தில் ஆறு வேலை நாள் இல்லை. ஏப்ரல் 3 புனித வெள்ளி, யூனிட் விடுமுறை. சரி, ஐந்தால் வகுக்கலாமா? ரூ.27,580 வரும். அதுவும் சரியில்லை. திருப்பூரில் கூலி நாள் கணக்கில் ஓடுவதில்லை, ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. காலையில் வந்து இரவு எட்டரைக்குப் போகிறவருக்கு ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அனுப்ப வேண்டிய வாரத்தில் திங்கட்கிழமை ஒன்றரை ஷிப்ட் ஓடும், வியாழக்கிழமை ஒன்றோடு நிற்கும். டெய்லர்களோ பீஸ் ரேட். அவர்கள் கூலி நாளைப் பார்ப்பதே இல்லை, பீஸைத்தான் பார்க்கும். ஆகவே வாரத் தொகையை நாட்களுக்குச் சமமாகப் பிரிப்பது, இல்லாத ஒரு ஒழுங்கை நாமே கற்பித்துக்கொள்வது.

செய்ய வேண்டியது எளிது. 31-ஆம் தேதி மாலை, ஆட்கள் கிளம்பும் முன், இரண்டு ஏடுகளைத் திறந்து வையுங்கள்: வருகைப் பதிவேடு, பீஸ் நோட்டு.

வருகைப் பதிவேட்டில் கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்கள் பத்துப் பேர். திங்கள் பத்துப் பேரும் ஒன்றரை ஷிப்ட்: 15. செவ்வாய் ஒருவர் வரவில்லை, ஒன்பது பேர் ஒரு ஷிப்ட்: 9. மொத்தம் 24 ஷிப்ட். ஷிப்டுக்கு ரூ.480 என்றால் ரூ.11,520. எல்லோருக்கும் ஒரே ரேட் என்று இங்கே எளிமைக்காக வைத்திருக்கிறேன். உங்கள் யூனிட்டில் செக்கிங்குக்கு ஒன்று, அயர்னுக்கு ஒன்று என்றால் தனித்தனியே பெருக்குங்கள்.

பீஸ் நோட்டில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். முடிந்த பீஸ்களை மட்டும் எண்ணினால் போதாது. அன்று மாலை கூடைகளில் ஓவர்லாக் அடித்து, ஃபிளாட்லாக் அடிக்காத பீஸ்கள் கிடக்கும். ஓவர்லாக் டெய்லர் தன் வேலையை முடித்துவிட்டார், அவருக்குக் கூலி உண்டு. ஆகவே வேலைவாரியாக எண்ண வேண்டும். இரண்டு நாளில் ஓவர்லாக் 2,400 பீஸ், பீஸுக்கு ரூ.4.50 வீதம் ரூ.10,800. ஃபிளாட்லாக் 1,600 பீஸ், ரூ.4 வீதம் ரூ.6,400. இரண்டும் சேர்ந்து ரூ.17,200.

ஷிப்ட் கூலியையும் சேர்த்தால் ரூ.28,720. வகுத்து வந்த ரூ.22,983-க்கும் இதற்கும் ஏறக்குறைய ரூ.5,700 வித்தியாசம். பதிவு இப்படி, தேதி 31-3-2026:

கூலி க/கு — பற்று ரூ.28,720
கொடுபட வேண்டிய கூலி க/கு — வரவு ரூ.28,720
(30, 31 மார்ச் வேலைக்கான கூலி, வருகைப் பதிவேடு மற்றும் பீஸ் நோட்டின்படி)

கூலி க/கு வியாபாரக் கணக்கில் பற்றாகிறது. கொடுபட வேண்டிய கூலி இருப்புநிலைக் குறிப்பில் நடப்புப் பொறுப்பாக நிற்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: கொடுபட வேண்டிய கூலி இருப்பாய்வுக்குள்ளேயே தரப்பட்டிருந்தால் பதிவு ஏற்கெனவே போட்டாயிற்று என்று பொருள். அப்போது அது இருப்புநிலைக் குறிப்புக்கு மட்டும்தான் போகும். வெளியே சரிக்கட்டலாகத் தந்திருந்தால்தான் இரண்டு இடத்திலும்.

மூன்று சிக்கல்கள் இங்கே வழக்கமாக வரும். டெய்லர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒன்று. ஏப்ரல் 4 அன்று ஒருவருடைய கூலியில் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பீர்கள். அதற்காகக் கொடுபட வேண்டிய கூலியிலிருந்து ரூ.1,000-ஐக் கழிக்கக் கூடாது. அட்வான்ஸ் உங்களுக்கு வர வேண்டிய பணம், சொத்துப் பக்கம் நிற்கும். கூலி நீங்கள் தர வேண்டியது, பொறுப்புப் பக்கம் நிற்கும். கழித்துப் போட்டால் அந்த இரண்டு நாளின் கூலிச் செலவே குறைந்துபோகும்.

இரண்டாவது, வாங்காத கூலி. 28-ஆம் தேதி ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய ரூ.2,940 கவரில் போட்டு மேசை டிராயரில் இருக்கிறது. இதையும் ரூ.28,720-உடன் சேர்த்துக் கூலியில் பற்று வைத்துவிடுவார்கள். ஆனால் சனிக்கிழமை மொத்தக் கூலிக்கும் பணம் எடுத்து, மொத்தத்தையும் கூலிக் கணக்கில் பற்று எழுதியிருந்தால், அந்த ரூ.2,940 ஏற்கெனவே செலவாகிவிட்டது. மறுபடி எழுதினால் இரட்டைச் செலவு. இங்கே சரி செய்ய வேண்டியது ரொக்கத்தை: ரொக்கம் பற்று, கொடுபட வேண்டிய கூலி வரவு. டிராயரில் இருக்கும் பணம் கையிருப்பில் தெரியும், அவருக்குத் தர வேண்டியது பொறுப்பில் தெரியும், செலவு தொடப்படாது.

மூன்றாவது, மாதச் சம்பளக்காரர்கள். சூப்பர்வைசர், கணக்குப்பிள்ளை போன்றோருக்கு மார்ச் சம்பளம் ஏப்ரல் 7-க்குள் கொடுக்கிறீர்கள் என்றால் மார்ச் மாதச் சம்பளம் முழுவதுமே கொடுபட வேண்டியது. அதோடு மார்ச் கூலிக்கும் சம்பளத்துக்கும் முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையும் ஏப்ரல் 15-க்குள்தான் கட்டுவீர்கள். அதுவும் மார்ச் செலவே. 30, 31 தேதிக் கூலியையும் சேர்த்துத்தான் அந்தப் பங்கைக் கணக்கிட வேண்டும்.

சரக்கிருப்போடு ஒத்துப்பாருங்கள்

இந்தப் பதிவை விட்டுவிட்டால் லாபம் ரூ.28,720 கூடித் தெரியும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். தையல் யூனிட்டில் இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று நடக்கிறது.

31-ஆம் தேதி மாலை சரக்கிருப்பு எடுக்கிறீர்கள். அந்த இரண்டு நாளில் முடிந்த 1,600 பீஸ் பேக்கிங் மேசையில் இருக்கிறது. அதற்கு அடக்க விலை போடும்போது துணி, நூல், லேபிளோடு தையல் கூலி ரூ.8.50-ஐயும் சேர்த்துத்தான் போடுவீர்கள். ஆக, தையல் கூலியாக ரூ.13,600 இறுதிச் சரக்கிருப்பில் ஏறிவிட்டது. வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கம் அந்தத் தொகை வந்து நிற்கிறது. எதிரே பற்றுப் பக்கம் அந்தக் கூலியே இல்லையென்றால்? கொடுக்காத, எழுதாத ஒரு செலவு சரக்காக மாறி லாபமாகிவிடுகிறது. ஓவர்லாக் மட்டும் முடிந்த 800 பீஸுக்கும் இதே கதை, அங்கே ரூ.3,600.

இரண்டையும் கூட்டினால் ரூ.17,200. பீஸ் ரேட் கூலி முழுவதும் அப்படியே சரக்கிருப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் உதாரணத்தில் அந்தப் பீஸ்கள் எதுவும் 31-க்குள் வண்டி ஏறவில்லை, அதனால் தொகை அப்படியே ஒத்துப்போகிறது. பாதி அனுப்பியிருந்தால் சரக்கிருப்பில் பாதிதான் இருக்கும்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. சரக்கிருப்புப் பட்டியலில் 'தையல் முடிந்தது', 'பாதித் தையல்' என்று எழுதிய பீஸ்களின் எண்ணிக்கையும் பீஸ் நோட்டின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்ல வேண்டும். பட்டியலில் பீஸ் இருந்து கூலிப் பதிவு இல்லையென்றால் லாபம் ஊதிப்போயிருக்கிறது. கூலிப் பதிவு இருந்து, அனுப்பாத பீஸ் பட்டியலில் இல்லையென்றால் லாபம் சுருங்கியிருக்கிறது. என் பார்வையில், கூலிச் சரிக்கட்டலையும் சரக்கிருப்பையும் ஒரே ஆள், ஒரே மாலையில் எடுப்பதுதான் நல்லது. வெவ்வேறு நாளில் வெவ்வேறு பேர் எடுத்த எண்ணிக்கைகளை ஜூன் மாதத்தில் ஒட்டவைப்பது வீண் பாடு.

மின்கட்டணம்: பில்லுக்குப் பின்னால் ஓடிய மீட்டர்

மின்கட்டணத்தில் பாக்கி இரண்டு அடுக்காக இருக்கும். பெரும்பாலோர் ஓர் அடுக்கைத்தான் பார்க்கிறார்கள்.

நம் யூனிட்டில் மார்ச் 16 அன்று கணக்கெடுப்பாளர் வந்து மீட்டரைப் பார்த்து 48,310 என்று குறித்துச் சென்றார். முந்தைய இரண்டு மாதத்துக்கான தொகை ரூ.34,640. உரிமையாளர் அதைக் கட்டியது ஏப்ரல் 2. இந்த யூனிட்டில் மின்கட்டணத்தைப் பணம் கட்டும்போதுதான் ஏட்டில் எழுதுகிறார்கள். ஆகவே 31-ஆம் தேதி இருப்பாய்வில் இந்த ரூ.34,640 இல்லை. இது முதல் அடுக்கு: பில் வந்தும் கட்டாதது. தொகை பில்லிலேயே இருக்கிறது, யோசிக்க எதுவுமில்லை.

இரண்டாவது அடுக்கு, மார்ச் 16-க்குப் பிறகு 31 வரை ஓடிய மின்சாரம். இதற்கு இன்னும் பில்லே இல்லை, மே மாதம்தான் வரும். பில் வராத மின்சாரமும் மார்ச் மாதச் செலவுதான்.

இதை அளக்க மிக நம்பகமான வழி, 31-ஆம் தேதி வேலை முடிந்ததும் மீட்டரைப் போய்ப் பார்ப்பது. நம் யூனிட்டில் அன்று 49,330. பயன்பாடு 1,020 யூனிட். இந்த உதாரணத்துக்காக யூனிட்டுக்கு ரூ.8 என்று வைப்போம். உங்கள் இணைப்பின் கட்டண விகிதத்தைப் பில்லில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் கட்டணம் ரூ.8,160.

நிலைக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். அது நீங்கள் எத்தனை யூனிட் ஓட்டினீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. இணைப்புப் பளுவுக்காக, காலத்துக்காகக் கட்டுவது. ஆகவே யூனிட்டை மீட்டரால் அளக்கலாம், நிலைக் கட்டணத்தை நாட்காட்டியால்தான் அளக்க வேண்டும். இரண்டு மாத நிலைக் கட்டணம் ரூ.4,800. மார்ச் 16 முதல் மே 15 வரை 60 நாள், அதில் 31-ஆம் தேதி மாலை வரை 15 நாள். கால் பங்கு, ரூ.1,200.

இரண்டாவது அடுக்கு மொத்தம் ரூ.9,360. முதல் அடுக்கோடு சேர்ந்து ரூ.44,000. தேதி 31-3-2026:

மின்கட்டணம் க/கு — பற்று ரூ.44,000
கொடுபட வேண்டிய மின்கட்டணம் க/கு — வரவு ரூ.44,000
(மார்ச் 16 பில் ரூ.34,640, மார்ச் 16 முதல் 31 வரை பில் வராத பயன்பாடு ரூ.9,360)

விவரக் குறிப்பில் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். சேர்த்து எழுதினால் அடுத்த ஆண்டு எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று தெரியாது.

பணம் கட்டும்போது எழுதாமல் பில் வந்த நாளிலேயே எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் அடுக்கு ஏற்கெனவே ஏட்டில் ஏறியிருக்கும். அவர்கள் ரூ.9,360-ஐ மட்டும் போட வேண்டும். எந்தப் பழக்கம் என்று தெரியாமல் பதிவு போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மின்கட்டணப் பேரேட்டைத் திறந்து, மார்ச் 16 பில் தொகை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு முழுவதுக்கும் எத்தனை பில் ஏறியிருக்கிறது என்றும் எண்ணுங்கள். இரண்டு மாத பில் என்றால் ஓராண்டுக்கு ஆறு. ஐந்தோ ஏழோ இருந்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது பக்கத்து ஆண்டினுடையது கலந்திருக்கிறது.

மீட்டரைப் பார்க்க மறந்தாயிற்று, ஜூலையில்தான் நினைவு வருகிறது என்றால்? மே 15 பில் கையில் இருக்கும்: 3,900 யூனிட், ரூ.31,200, நிலைக் கட்டணம் ரூ.4,800, ஆக மொத்தம் ரூ.36,000. அதில் 15/60 என்றால் ரூ.9,000. மீட்டரைப் பார்த்து வந்த ரூ.9,360-க்கு இது மிக அருகில்தான். வேலை ஒரே சீராக ஓடும் யூனிட்டில் இந்த மதிப்பீடு போதும், ரூ.360-க்காக யாரும் கணக்கைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஏ.சி. போட்ட ஜவுளிக் கடையில் இதே வகுத்தலைச் செய்யாதீர்கள். அங்கே மே மாத வெயில் மார்ச் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பதில் போன ஆண்டு இதே காலத்துக்கான பில்லின் போக்கைப் பாருங்கள்.

மின்வாரியத்திடம் கட்டியிருக்கும் வைப்புத்தொகையை இந்தப் பாக்கியில் கழிக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது தவறு. வைப்புத்தொகை தனிச் சொத்து, இணைப்பு இருக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

தையல் மெஷினுக்கு ஓடிய மின்சாரம் வியாபாரக் கணக்குக்கும், அலுவலக விளக்கும் மின்விசிறியும் இலாப நட்டக் கணக்குக்கும் போக வேண்டும். ஒரே மீட்டர் என்றால் ஒரு விகிதத்தை முடிவு செய்து, அதே விகிதத்தில் பாக்கியையும் பிரியுங்கள்.

ஏப்ரலில் என்ன ஆகிறது

மார்ச் பதிவு சரியாகப் போட்டும் கணக்கு கெடுவது ஏப்ரலில்தான். ஏப்ரல் 4 அன்று ரூ.68,950 கூலி கொடுத்து, முழுவதையும் புதிய ஆண்டுக் கூலிக் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். அதில் ரூ.28,720 போன ஆண்டிலேயே செலவாக எழுதியாயிற்று. இப்போது அது இரண்டாம் முறை செலவாகிறது. கொடுபட வேண்டிய கூலிக் கணக்கோ தீராமல் அப்படியே கிடக்கிறது.

தடுக்க இரண்டு வழி. ஏப்ரல் 4 அன்று தொகையைப் பிரித்து எழுதலாம்: கொடுபட வேண்டிய கூலி பற்று ரூ.28,720, கூலி பற்று ரூ.40,230, ரொக்கம் வரவு ரூ.68,950. அல்லது ஏப்ரல் 1 அன்றே மார்ச் பதிவைத் தலைகீழாக்கிவிடலாம்: கொடுபட வேண்டிய கூலி பற்று, கூலி வரவு. பிறகு ஏப்ரல் 4 அன்று வழக்கம்போல முழுத் தொகையையும் கூலியில் எழுதலாம், விடை அதே ரூ.40,230.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் அவசரத்தில் பிரித்து எழுத யாருக்கும் நினைவு வராது. மின்கட்டணத்தில் ஒரு பாக்கி ஏப்ரலிலும் மற்றது மே மாதத்திலும் தீர்வதால் அங்கே தலைகீழ்ப் பதிவு இன்னும் வசதி. ஏப்ரல் 1 முதல் 4 வரை கூலிக் கணக்கு வரவு மீதி காட்டும். அதைப் பார்த்துப் பதறி யாரும் 'திருத்த' வேண்டாம்.

டாலியில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் Reversing Journal என்றொரு வவுச்சர் உண்டு. பெயரைப் பார்த்து இதற்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று பலர் அதில் பதிகிறார்கள். அது குறிப்பிட்ட தேதி வரை, சினாரியோ அறிக்கையில் மட்டும் தெரியும் உத்தேசப் பதிவு. உண்மையான இருப்புநிலைக் குறிப்பில் ஏறவே ஏறாது. மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் F7 அழுத்தி வரும் சாதாரண Journal வவுச்சரையே பயன்படுத்துங்கள்.

"வருஷா வருஷம் இதே மாதிரி வந்து போகுது, எழுதாட்டி என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பாக்கி ஒரே அளவாக இருந்தால் அந்த வாதத்தில் கொஞ்சம் பொருள் இருக்கும். வாரக் கூலியில் அது ஒரே அளவாக இருக்கவே முடியாது. மார்ச் 31, 2024-இல் ஞாயிறு. சனிக்கிழமையே கூலி கொடுத்தாயிற்று, பாக்கி இல்லை. 2026-இல் செவ்வாய், இரண்டு நாள். 2027-இல் புதன், மூன்று நாள். விட்டுவிட்டால் ஓர் ஆண்டின் லாபத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூலி நகர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, வவுச்சரோடு மூன்று தாள்களை இணைத்து வையுங்கள்: 30, 31 தேதிகளின் வருகைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், பீஸ் நோட்டின் அந்த இரண்டு நாள் கூட்டல், 31-ஆம் தேதி மாலை கைபேசியில் எடுத்த மீட்டர் படத்தின் அச்சு. தணிக்கையாளர் இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது வாய்மொழி விளக்கத்தை அவர் ஏற்கமாட்டார், தாளைத்தான் கேட்பார்.